பணி ஓய்வு பெறும் டீச்சருக்கு 6 நிமிட வாழ்த்துரை: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

மலர்_பிறை

வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி. 60 வயது நிறைந்து ஓய்வு பெறும் மூத்த ஆசிரியைக்கு வரும் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பிரியாவிடை விழா. சக ஆசிரியர்கள் சார்பில் பேசும் பொறுப்பு என்னிடம். எனக்கு ஒதுக்கியது 6 நிமிடம். வரைவு 1,040 சொல் வந்திருக்கிறது. மூன்று விஷயத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்: அன்பு தெரிகிறதா, மற்றவர்கள் செய்த வேலையை இவர் கணக்கில் எழுதிவிட்டேனா, நீளம் சரியா. முழுவதையும் போடவில்லை, முக்கியமான பகுதிகள் மட்டும்.

தொடக்கம்: தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலக அதிகாரி, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், வாரியக் குழு என்று 14 விளிப்பு. அதற்குப் பிறகு ஒரு மேற்கோள்.

இரண்டாம் பத்தி: "இப்பள்ளியின் தூணாக விளங்கிய அன்னார் நம்மை விட்டுப் பிரிந்து செல்வது ஈடுசெய்ய இயலாத பேரிழப்பாகும். அவர் விட்டுச் செல்லும் வெற்றிடத்தை யாராலும் நிரப்ப முடியாது. அவருடைய நினைவுகள் நம் நெஞ்சில் என்றென்றும் நீங்கா இடம்பெறும்."

மூன்றாவது, பணி வரலாறு: "1991-ஆம் ஆண்டு இப்பள்ளியில் காலடி எடுத்து வைத்த நாள் முதல் 34 ஆண்டுகள் அயராது உழைத்தார்…" இப்படி 210 சொல்.

நான்காவது: "தனி ஒருவராக நின்று நம் பள்ளி நூலகத்தை உருவாக்கிக் காட்டினார். 2021 வரை ஆறாம் ஆண்டு மாணவர்களை யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு ஆயத்தப்படுத்தினார்."

ஐந்தாவது: "டீச்சரின் பிரம்புச் சத்தம் கேட்டாலே பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கிவிடும்." (சிரிப்புக்காக.)

ஆறாவது: கணவரை இழந்த பிறகும் இரண்டு பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியது பற்றி நான்கு வரி. முடிவில் நானே எழுதிய கவிதை, 64 சொல்.

---

ரவி_பட்டர்வொர்த்

நல்லாத்தான் இருக்கு. நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கு: மேடைப் பேச்சில் நிமிடத்துக்கு 150 சொல். 1,040-ஐ 150-ஆல் வகுத்தால் 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நிமிடம்தான் கூடுது. கவிதையையும் ஒரு மேற்கோளையும் எடுத்துட்டா முடிஞ்சது வேலை. எழுதினதை நம்பாமல் சொல்லை எண்ணிப் பாருங்கன்னு எல்லாருக்கும் நான் சொல்றது இதுக்குத்தான்.

---

ஜெலுத்தோங்_குணா

மேடம், முதலில் குடும்பத்துக்கு நன்றி சொல்லிட்டுப் பிறகு பள்ளிக்கு வாங்க. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போறீங்க என்பதையும் ரெண்டு வரியில் சொன்னால் கேட்கிறவங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஈபிஎஃப் பணத்தைப் பற்றி மேடையில் பேச வேண்டாம்.

---

மலர்_பிறை

குணா சார், ஓய்வு பெறுவது நான் இல்லை. நீங்கள் சொல்வது ஏற்புரை. அது டீச்சர் பேச வேண்டியது. அதோடு அவர் அரசாங்க ஓய்வூதியக்காரர்.

---

ஜெலுத்தோங்_குணா

அடடா, தலைப்பை மட்டும் பார்த்துட்டேன். மன்னிக்கணும். நான் சொன்னதை டீச்சரிடம் காட்டுங்க, அவருக்காவது உதவட்டும்.

---

மேடைக்காரர்

ரவி, எண்ணச் சொன்னது சரி. ஆனால் 150 என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. நம் மொழியில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். "சொல்லிக்கொடுத்தவர்களுக்கெல்லாம்" என்பது எண்ணும்போது ஒரே சொல், வாய்க்கு அது ஐந்தாறு சொல்லின் வேலை. மேடைத் தமிழில், மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும் இடம் விட்டுப் பேசினால், நிமிடத்துக்கு 85 முதல் 100 வரைதான் போகும். அப்படிப் பார்த்தால் 1,040 சொல்லுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மலர், கைப்பேசியில் நேரம் வைத்து, எழுந்து நின்று, வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். உட்கார்ந்தபடி முணுமுணுத்தால் வேகம் கூடி நேரம் குறைவாகத்தான் காட்டும்.

இரண்டாம் பத்தியை நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். "அன்னார்", "நம்மை விட்டுப் பிரிந்து", "பேரிழப்பு", "வெற்றிடம்", "நீங்கா இடம்": ஐந்தும் நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்திலிருந்து வந்தவை. ஆள் எதிரில் சிரித்துக்கொண்டு இருக்கிறார், நாம் அவரை அனுப்பிவைத்துவிட்டோம். பிரியாவிடை உரைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. நல்ல தமிழில் பேச நினைக்கும்போது கைக்கு முதலில் எட்டுவது இரங்கல் தமிழ். எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை இறந்தவருக்கும் சொல்லலாமா என்று கேளுங்கள். சொல்லலாம் என்றால் அது வெளியே போகவேண்டிய வாக்கியம்.

"யாராலும் நிரப்ப முடியாது" என்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் அந்த வகுப்பை எடுக்கப் போகும் ஆசிரியர் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார் அல்லவா?

---

மலர்_பிறை

இருப்பார். இரண்டாம் வரிசையில். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நின்று படித்தேன். 10 நிமிடம் 50 விநாடி.

---

ரவி_பட்டர்வொர்த்

சரி, ஒத்துக்கிறேன். நிமிடத்துக்கு 96 வருது. ஆனா ஒண்ணு, மேடையில் படபடப்பில் எல்லாரும் வேகமாத்தான் பேசுவாங்க. அப்போ நேரம் மிச்சமாகும் இல்லையா?

---

மேடைக்காரர்

வேகம் கூடுவது உண்மை. ஆனால் மிச்சமாகும் நேரத்தைக் கைதட்டலும் சிரிப்பும் எடுத்துக்கொள்ளும். நடந்துபோய் ஒலிவாங்கியைப் பிடிப்பதற்கும் நேரம் ஆகும். பள்ளி மண்டபத்தில் எதிரொலி வேறு. வேகமாகப் பேசினால் பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது. 6 நிமிடம் கொடுத்தால் 520 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

---

பழைய_கிராணி

பள்ளி அலுவலகக் கோப்புகளோடு பழகிய கண்ணால் பார்க்கிறேன். மூன்று இடம் உறுத்துகிறது.

ஒன்று, யு.பி.எஸ்.ஆர். தேர்வு கடைசியாக நடந்தது 2019-இல். 2020-இல் கோவிட் காரணமாக ரத்து. 2021 ஏப்ரலில் தேர்வையே எடுத்துவிட்டார்கள். "2021 வரை" என்று மாவட்டக் கல்வி அலுவலக அதிகாரி முன்னால் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார், ஆனால் கவனிப்பார்.

இரண்டு, 1991 முதல் 34 ஆண்டும் இதே பள்ளியா? ஒரே பள்ளியில் 34 ஆண்டு என்பது அபூர்வம். பணிப் பதிவேட்டில் முதல் நியமனமும் இடமாற்றமும் தனித்தனியாக இருக்கும். டீச்சரிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. "தனி ஒருவராக நின்று நூலகத்தை உருவாக்கினார்." எந்தப் பள்ளி நூலகமும் தனி ஒருவரால் வராது. அறை தலைமையாசிரியரின் அனுமதியில் வரும், பணம் வேறு யாரோ கொடுத்தது, புத்தகத்துக்கு எண் போட்டவர் இன்னொருவர். அந்த வேலையைச் செய்தவர்கள் மண்டபத்தில் இருந்தால் அந்த ஒரு வரியில் அவர்கள் முகம் மாறும். அதைப் பார்த்து டீச்சருக்கும் சங்கடம்.

---

மலர்_பிறை

கேட்டு வந்தேன். முதல் ஏழு ஆண்டு, 1991 முதல் 1997 வரை, கெடாவில் ஒரு தோட்டப் பள்ளி. இங்கே வந்தது 1998 சனவரி. அந்தத் தோட்டப் பள்ளியில் அவரோடு வேலை செய்த ஒருவர் விழாவுக்கு வருகிறாராம்! நல்லவேளை.

நூலகம்: 2009. பின்கட்டில் பழைய சாமான் அறை. அதை நூலகமாக மாற்றலாம் என்று சொன்னவர் டீச்சர். திட்டத்தை எழுதியவரும் அவர்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதல் முறை மறுத்து, இரண்டாம் முறை 6,000 ரிங்கிட் கொடுத்தது. மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கிக் கோப்பு போட்டவர் அப்போதைய கிராணி அக்கா. அலமாரி அடித்தது நான்கு அப்பாமார்கள், இரண்டு சனிக்கிழமை. 1,800 புத்தகத்துக்கும் எண் போட்டது இன்னொரு ஆசிரியை, இப்போதும் பள்ளியில் இருக்கிறார்.

இத்தனை பேரையும் சொன்னால் டீச்சர் என்னதான் செய்தார் என்று ஆகிவிடாதா?

---

ரவி_பட்டர்வொர்த்

எல்லார் பேரையும் சொல்லிடுங்க. யாருக்கும் வருத்தம் இருக்காது. பெயர் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம்.

---

பழைய_கிராணி

பெயர்ப்பட்டியல் வாசித்தால் விடுபட்டவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சொன்ன பத்துப் பேருக்கு மகிழ்ச்சி மறந்துபோகும், விடுபட்ட ஒருவருக்கு வருத்தம் மறக்காது. அதோடு உரை கூட்டக் குறிப்பு மாதிரி ஆகிவிடும்.

---

மேடைக்காரர்

கிராணி சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். பங்கைப் பெயரால் பிரிக்காமல் வினையால் பிரியுங்கள். யார் நினைத்தார், யார் எழுதினார், யார் கொடுத்தார், யார் அடித்தார், யார் எண் போட்டார். ஒவ்வொருவருக்கும் அவர் உண்மையில் செய்த வினைச்சொல் ஒன்று. "உருவாக்கினார்" என்பது எல்லார் வேலையையும் விழுங்கும் சொல். அதை எடுத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும். டீச்சர் பங்கு சின்னதாகும் என்று பயப்பட வேண்டாம். உண்மையில் அவர் மட்டுமே செய்தது ஏதாவது இருக்கும், அதைக் கடைசியில் வையுங்கள். நூலகம் திறந்த பிறகு அவர் என்ன செய்தார்?

---

மலர்_பிறை

ஓய்வு நேரத்தில் நூலகத்தைப் பூட்டவிடமாட்டார். புத்தகம் காணாமல் போகும் என்று யாராவது சொன்னால், "போனா போகட்டும், படிக்கத்தானே எடுத்துட்டுப் போனான்" என்பார். தினமும் தானே போய் உட்கார்ந்திருப்பார்.

---

மேடைக்காரர்

இதுதான் உங்கள் உரை. இப்படி எழுதிப் பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள்:

"பின்கட்டில் பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. அங்கே நூலகம் வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் டீச்சர். திட்டத்தை எழுதி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒருமுறை கொண்டுபோய், திரும்பி வந்து, மறுபடி கொண்டுபோனவரும் அவர்தான். சங்கம் பணம் கொடுத்தது. அலுவலகம் கோப்பு போட்டது. நான்கு அப்பாமார்கள் இரண்டு சனிக்கிழமை வந்து அலமாரி அடித்தார்கள். 1,800 புத்தகத்துக்கும் எண் போட்ட கை இதோ இந்த மண்டபத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு 16 ஆண்டு, ஓய்வு நேரத்தில் அந்த அறையைப் பூட்டவிடாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். புத்தகம் காணாமல் போகுமே என்றால் அவர் சொல்வது: போனா போகட்டும், படிக்கத்தானே எடுத்துட்டுப் போனான்."

சுமார் 70 சொல், முக்கால் நிமிடத்தில் முடியும். ஒரு பெயர்கூட இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் தான் செய்தது காதில் விழும். "இதோ இந்த மண்டபத்தில்" என்னும்போது அந்த ஆசிரியையைப் பாருங்கள், கையை நீட்ட வேண்டாம். நீட்டினால் அவர் எழுந்து நிற்க வேண்டி வரும்.

டீச்சர் சொன்னதை அவர் பேசும் தமிழிலேயே விடுங்கள். "போனால் போகட்டும், படிப்பதற்காகத்தானே எடுத்துச் சென்றான்" என்று திருத்தினால் அவர் குரல் போய்விடும்.

---

சுங்கை_ஆரா

இடையில் வருகிறேன். பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையில் லைன் லீடர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். பேசுவதற்கு 3 நிமிடம். மலாய்க்காரர்கள் பாதிப்பேர். இந்தச் சொல் கணக்கு எனக்கும் பொருந்துமா? எந்த மொழியில் தொடங்குவது?

---

மேடைக்காரர்

தமிழில் பேசினால் 3 நிமிடத்துக்கு 250 சொல். ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியில் சொல்லாதீர்கள். நேரம் இரட்டிப்பாகும், நகைச்சுவை இரண்டாம் முறை செத்துப்போகும். பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது என்றால் முழுவதும் மலாயில் பேசி, அவரைப் பார்த்துச் சொல்லும் கடைசி இரண்டு வரியை மட்டும் தமிழில் சொல்லுங்கள். மலர் பள்ளியில் மறுதலை: தமிழில் பேசிவிட்டு, மலாய் ஆசிரியர்களுக்காகவும் அதிகாரிக்காகவும் நடுவில் இரண்டு வாக்கியம் மலாயில். கடைசியில் மலாய் வந்தால் உணர்ச்சி அறுந்துவிடும்.

---

மலர்_பிறை

மலாய் நடுவில் வைத்துவிட்டேன். "தெரிமா காசே, சிக்கு" என்று முடியும். இப்போது பிரம்பு நகைச்சுவை. எல்லாரும் சிரிப்பார்கள் என்றுதான் வைத்தேன். எடுக்கணுமா?

---

பழைய_கிராணி

எடுங்கள். பள்ளிக்கூட ஒழுங்கு விதியில் பிரம்பு தலைமையாசிரியரின் அதிகாரம், அல்லது அவர் பொறுப்புக் கொடுத்தவருடையது. மாவட்டக் கல்வி அலுவலக அதிகாரி முன்வரிசையில் இருக்கும்போது பிரம்பைச் சொல்லிச் சிரிக்க வைத்தால், அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தலைமையாசிரியரைப் பார்ப்பார். டீச்சருக்கும் அது தேவையில்லாத பெயர்.

---

ரவி_பட்டர்வொர்த்

கண்டிப்பா நகைச்சுவை இல்லாம பேசினா மண்டபம் தூங்கிடும். டீச்சர் கண்டிப்பானவர்தானே? அதை எப்படிச் சொல்றது?

---

மேடைக்காரர்

சிரிப்பு வேண்டும் என்பதில் ரவி சரி. யார் செலவில் சிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. டீச்சர் செலவில் சிரித்தால் அவர் ஒன்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் செலவில், அதாவது ஆசிரியர்களின் செலவில் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். மலர், வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திங்கட்கிழமை காலையில் என்ன இல்லாமல் போகும்?" "டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஐந்து பேரும் "ரொம்ப நல்லவங்க" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது.

---

மலர்_பிறை (மறுநாள்)

கேட்டேன். ஒருவர்: காலை 6.50-க்கு ஆசிரியர் அறை விளக்கைப் போடுபவர் அவர்தான், மற்றவர்களுக்கு விளக்குச் சுவிட்சு எங்கே என்றே தெரியாது. ஒருவர்: நேரத்தோடு வராதவரைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார், சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். மலாய் ஆசிரியை: நோன்பு மாதத்தில் தன் எதிரில் டீச்சர் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டாராம். ஒருவர்: "ரொம்ப நல்லவங்க." அலுவலகத்தில்: படிவம் கேட்டால் மூன்று நாள் முன்பே தருபவர் அவர் ஒருவர்தான்.

---

மேடைக்காரர்

விளக்கும் கடிகாரமும் போதும். மூன்றாவதையும் விட்டுவிடாதீர்கள், அதை மலாய்ப் பகுதியில் ஒரு வாக்கியமாக வையுங்கள், அந்த ஆசிரியையின் அனுமதியோடு. தொடக்கத்தை இப்படி வைக்கலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, வருகை தந்திருக்கும் பெரியோர்களே, டீச்சர். திங்கட்கிழமையிலிருந்து நமக்கு ஒரு சிக்கல். காலை 6.50-க்கு ஆசிரியர் அறையில் விளக்குப் போட வேண்டும். சுவிட்சு எங்கே இருக்கிறது என்று இந்த மண்டபத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்."

14 விளிப்பும் அறிவிப்பாளர் ஏற்கெனவே வாசித்திருப்பார். முன்பு பேசியவர்களும் வாசித்திருப்பார்கள். நீங்கள் மூன்றோடு நிறுத்தினால் யாருக்கும் அவமதிப்பு இல்லை. பட்டம் உள்ளவர் மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டத்தோ யாராவது வந்தால் அந்தப் பட்டத்தோடு சேர்த்து ஒருமுறை.

---

பழைய_கிராணி

பணி வரலாற்றுப் பகுதியையும் 210 சொல்லில் வாசிக்க வேண்டாம். எந்தப் பதவி எந்த ஆண்டு என்பது நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சாகிவிடும். பேச்சில், அவர் வேலை எப்படி மாறிக்கொண்டே இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். 2003-இல் அறிவியலும் கணிதமும் முதலாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. சில ஆண்டுகளில் மறுபடி தமிழுக்கு வந்தன. 2011-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு, பள்ளி கைப்பேசிக்குள் போனது. 1991-இல் சேர்ந்தவர் இது அத்தனையையும் வகுப்பறையில் நின்று தாங்கியிருக்கிறார். அவர் அறிவியல் எடுத்தவரா?

---

மலர்_பிறை

ஆம், அறிவியல். தமிழில் வைத்திருந்த படங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு எழுதினார். தமிழ்த் தொகுப்பைத் தூக்கிப்போடாமல் அலமாரி மேல் கட்டி வைத்திருந்தார். அது மறுபடி தேவைப்பட்டபோது இறக்கினார்.

இதை எழுதிவிட்டேன்: "தொடங்கியது 1991-இல், கெடாவில் ஒரு தோட்டப் பள்ளியில். நம்மிடம் வந்தது 1998-இல். 2003-இல் அறிவியல் ஆங்கிலத்துக்குப் போனது. டீச்சர் படங்களை ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். தமிழ்ப் படங்களைக் கட்டி அலமாரி மேல் வைத்தார். அறிவியல் தமிழுக்குத் திரும்பி வந்தபோது நாற்காலி போட்டு ஏறி, அதே கட்டை இறக்கினார்." 34 சொல்.

---

பழைய_கிராணி

நன்று. "இறக்கினார்" என்றதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். அங்கே கைதட்டல் வரும்.

---

மேடைக்காரர்

நீங்கள் தனியாக அனுப்பிய முழு வரைவைப் பார்த்தேன். இப்போது கணக்கு. 1,040-இல் விளிப்பு 118 சொல், அது 20 ஆகிறது. மேற்கோள்கள் 90, மூன்றையும் எடுக்கலாம். இரங்கல் பத்தியும் அதன் உறவினர்களும் 130. வரலாறு 210-லிருந்து புதிய வடிவுக்கு. பிரம்பு 45. மிச்சம் கவிதை. அது நீங்களே எழுதியது, அதனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் 64 சொல்லில் டீச்சர் ஒருமுறைகூட இல்லை. நிலா, ஒளி, ஏணி, தோணி எல்லாம் வருகிறது. யாருக்கும் வாசிக்கலாம்.

---

மலர்_பிறை

வலிக்கிறது. ஆனால் உண்மை. சட்டம் போட்டுப் பரிசோடு கொடுத்துவிடுகிறேன், மேடையில் இல்லை.

கணவர் பற்றிய பத்தி? அது இல்லாமல் அவர் வாழ்க்கையைப் பாதிதான் சொன்னதாகத் தோன்றுகிறது.

---

பழைய_கிராணி

எடுத்துவிடுங்கள். அவர் தொழிலைப் பாராட்டும் மேடை அது. துக்கத்தைப் பொதுவில் எடுத்துவைக்க அவர் நம்மைக் கேட்கவில்லை.

---

ரவி_பட்டர்வொர்த்

எனக்கு அப்படித் தோணல. நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சொல்லாம விட்டா "கண்டுக்கவே இல்லை"ன்னு நினைப்பாங்க. மகள் விழாவுக்கு வருவாங்கதானே?

---

மேடைக்காரர்

நான் இதில் உறுதியாக இல்லை. "கணவரை இழந்த பிறகும் மனம் தளராமல்" என்று சொன்னால் இரக்கம்தான் கேட்கும், பாராட்டு கேட்காது. மகளிடம் கேட்பதானாலும், "சொல்லலாமா" என்று கேட்காமல் எழுதிய வரியை அப்படியே காட்டிக் கேளுங்கள். கேள்வியாகக் கேட்டால் மரியாதைக்குச் "சொல்லுங்க" என்றுதான் சொல்வார்கள்.

---

மலர்_பிறை (இரவு)

மகளிடம் வரியை அனுப்பினேன். "அம்மாவிடம் கேட்கிறேன்" என்றார். இன்னும் பதில் இல்லை. இரண்டு வடிவம் அச்சிட்டு வைத்திருக்கிறேன். அந்த வரி வந்தால் 541 சொல், வராவிட்டால் 520.

நின்று படித்தேன், 520 சொல்லுக்கு 5 நிமிடம் 40 விநாடி.

இன்னொரு சிக்கல் முளைத்துவிட்டது. வரைவை இன்று பார்த்த தலைமையாசிரியர், நூலகப் பகுதியில் "தலைமையாசிரியரின் ஆதரவோடு" என்று சேர்க்கச் சொல்கிறார். 2009-இல் இருந்தவர் வேறு தலைமையாசிரியர். இவர் வந்தது 2018-இல்.

---

ரவி_பட்டர்வொர்த்

சேர்த்துடுங்க, ஒரு வார்த்தைதானே. பகைச்சுக்க முடியுமா?

---

பழைய_கிராணி

சேர்த்தால் எண் போட்ட ஆசிரியைக்கும் கிராணி அக்காவுக்கும் தெரியும், அது பொய் என்று. 2009-இல் அனுமதி கொடுத்தவருக்கு ஒரு வினை கொடுங்கள்: "அப்போதைய தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தார்." இப்போதையவருக்கு அவர் உண்மையில் செய்தது ஏதாவது இருக்கிறதா? 2018-க்குப் பிறகு?

---

மலர்_பிறை

இருக்கிறது. 2022-இல் நூலகத்துக்குக் குளிர்சாதனம் வாங்கப் பணம் தேடிக் கொடுத்தார்.

---

பழைய_கிராணி

அதையே சொல்லுங்கள். "2022-இல் நம் தலைமையாசிரியர் அந்த அறையைக் குளிரவைத்தார், அதற்குப் பிறகு பிள்ளைகள் மணி அடித்தும் வெளியே வருவதில்லை." உண்மையும் இருக்கும், சிரிப்பும் வரும், அவரும் மறுக்கமாட்டார். ஆனால் அவர் "ஆதரவு" என்ற சொல்தான் வேண்டும் என்று நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

---

மேடைக்காரர்

கடைசி 40 விநாடி டீச்சரை நேரே பார்த்து "நீங்கள்" என்று பேசுவீர்கள் அல்லவா? அவர் மேடையில் உங்களுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால், தலையைத் திருப்பும்போது தண்டு ஒலிவாங்கி உங்கள் குரலை விட்டுவிடும். மிக முக்கியமான வரி யாருக்கும் கேட்காது. ஒலிவாங்கியைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டீச்சரை முன்வரிசையில் எதிரே உட்காரச் சொல்லுங்கள். பொன்னாடையும் மாலையும் உங்கள் பேச்சுக்குப் பிறகா முன்பா?

---

மலர்_பிறை

முன்பு. நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சாகிவிட்டது.

---

மேடைக்காரர்

அப்படியானால் அவர் மாலையோடு ஆறு நிமிடம் உட்கார்ந்திருப்பார். பொன்னாடை போர்த்தியதும் மாலையைக் கழற்றி வாங்கி வைக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பள்ளி மண்டபத்தில் மின்விசிறி காற்றில் மாலையின் சம்பங்கி உதிர்ந்துகொண்டே இருக்கும், எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

---

மலர்_பிறை

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியை நிறுத்துகிறேன். மகள் இப்போதுதான் பதில் அனுப்பினார்: "அம்மா சொன்னாங்க, அப்பா பெயரை மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்." இதை எங்கே வைப்பது?